கிராஃப் எழுதுறது எங்க பிழைக்குது? அறிகுறிய வச்சுத் தேடுற வழி

திருகோணமலையில உவர்மலைப் பக்கம் பின்னேரத்தில இங்கிலிஷ் கிளாஸ் எடுக்கிறன். ஒரு மேச, நாலு வாங்கு, ஒரு வெள்ள போர்ட், அவ்வளவுதான். வாற பிள்ளைகள் ரெண்டு வகை. ஓ.எல். எழுதப்போறவங்களுக்கு ஒரு சார்ட்டக் குடுத்து 100 சொல்லுக்கிட்ட எழுதச் சொல்ற கேள்வி. மற்றவங்க ஐ.ஈ.எல்.டி.எஸ். அகடமிக், அதில முதல் டாஸ்க் 150 சொல்லுக்குக் குறையாம, கையில 20 நிமிசம். (ஜெனரல் ட்ரெயினிங் எண்டா கிராஃப் இல்ல, கடிதம்தான். ஒருத்தர் ரெண்டு மாசம் கிராஃப் பழகிட்டுப் பிறகுதான் தான் போட்ட அப்ளிகேசன் ஜெனரல் எண்டு கண்டுபிடிச்சார். முதல்ல அதப் பாத்துக்கொள்ளுங்க.)

ரெண்டு கூட்டத்திலயும் பேப்பர் திருத்தத் திருத்த நான் கண்டது, பிழை எல்லாம் அதே பிழைதான், ஆள்தான் மாறுது. எல்லாரும் வந்து சொல்றது "சேர், எனக்கு வொக்கபுலரி காணாது". பேப்பரப் பாத்தா பத்தில எட்டுப் பேருக்கு சொல் காணும், கிராஃபப் பாக்கத்தான் பொறுமை இல்ல. அதால கீழ அறிகுறி அறிகுறியா எழுதிருக்கிறன். உங்கட பேப்பர்ல எது தெரியுதோ அதுக்குப் போங்க. ஒவ்வொண்டிலயும் அஞ்சு செக்கன்ல பாக்கக்கூடியது முதல்ல, நேரமோ காசோ போறது கடைசில.

முழுக்க ஒரே கிராஃப வச்சுப் பேசுவம், நான் போர்டில கீறுறது. எண் எல்லாம் சும்மா என்ட கற்பன, பயிற்சிக்கு. நிலாவெளியில ஒரு படகுக்காரர் புறாத்தீவுக்கு ஏத்திப்போன ஆக்கள்ட எண்ணிக்கை, போன வருசம் ஏப்ரல்ல இருந்து செப்டெம்பர் வரைக்கும், ரெண்டு கோடு.

உள்ளூர் ஆக்கள்: ஏப்ரல் 120, மே 130, ஜூன் 140, ஜூலை 150, ஓகஸ்ட் 160, செப்டெம்பர் 110.
வெளிநாட்டு ஆக்கள்: ஏப்ரல் 40, மே 60, ஜூன் 100, ஜூலை 180, ஓகஸ்ட் 200, செப்டெம்பர் 90.

ஒரு துண்டில கீறி வச்சுக்கொண்டு வாசிங்க, கீறாம வாசிச்சா பாதி விளங்காது.

அறிகுறி: பார் சார்ட்டுக்கு எழுதினதில எல்லா இடத்திலயும் "இன்க்ரீஸ்ட்", "டிக்ரீஸ்ட்", ஆனா மார்க்ஸ் வரல்ல

*முதல் பாக்க வேண்டியது: கீழ அச்சில என்ன எழுதிருக்கு?*

பேனைய கீழ வச்சிட்டு கிராஃப்ட அடிக்கோட்ட மட்டும் பாருங்க. அங்க வருசமோ மாசமோ மணியோ இருந்தா நேரம் ஓடுது, அப்ப கூடினது குறைஞ்சது எண்டு எழுதலாம். அங்க பஸ், சைக்கிள், நடை, த்ரீவீலர் எண்டு சாமான்ட பேர் இருந்தா நேரம் ஓடல்ல, எதுவும் கூடவும் இல்ல குறையவும் இல்ல, சும்மா பக்கத்தில பக்கத்தில நிக்கிது.

ஓ.எல். பிள்ளைகளுக்கு நான் குடுக்கிற சார்ட் ஒண்டு, ஒரு வகுப்பில 40 பிள்ளைகள், பஸ்ல வாறது 16, சைக்கிள் 12, நடை 8, த்ரீவீலர் 4. போன முறை ஒரு தங்கச்சி எழுதினா, பஸ் 16, பிறகு சைக்கிள் 12க்கு டிக்ரீஸ் ஆச்சு, பிறகு நடை 8க்கு இன்னும் டிக்ரீஸ் ஆச்சு எண்டு. நான் கேட்டன், "பிள்ள, பஸ்ல வந்த நாலு பேர் நடுவழியில இறங்கி சைக்கிள்ல ஏறினவங்களா?" எண்டு. சிரிச்சிட்டா, ஆனா அதுதான் அவ எழுதினதுட கருத்து. அந்த நாலு சலாகையும் இடம் மாத்தி அடுக்கினாலும் சார்ட் பிழைக்காது, அப்படி அடுக்கிப் பாத்தா த்ரீவீலர்ல இருந்து பஸ்ஸுக்கு "இன்க்ரீஸ்" எண்டு எழுத வேண்டி வரும். இடம் மாத்தி அடுக்க ஏலுமெண்டா அது ட்ரெண்ட் இல்ல, ஒப்பீடு. இந்தச் சோதனைய மறக்காதீங்க.

அப்ப என்ன சொல்லு? மோர் தான், ஃபியூவர் தான், த மோஸ்ட் பொப்பியுலர், த லீஸ்ட் பொப்பியுலர், ட்வைஸ் அஸ் மெனி அஸ். இதில பஸ் நடைய விட ரெண்டு மடங்கு, த்ரீவீலர விட நாலு மடங்கு. சைக்கிளையும் நடையையும் கூட்டினா 20, அதாவது வகுப்பில சரி பாதி, பெற்றோல் செலவில்லாம வருது. இந்தக் கடைசி வசனத்த எழுதுற பிள்ளைக்கு நான் ரெண்டாவது தரம் யோசிக்காம மார்க்ஸ் போடுவன், ஏனெண்டா சார்ட்டில 20 எண்டு ஒரு சலாகையே இல்ல, அவ பாத்துக் கூட்டிருக்கிறா.

ஃபியூவர், லெஸ் ரெண்டும் குழம்பினா, எண்ணக்கூடியதுக்கு ஃபியூவர். பிள்ளைகள் எண்ணலாம், தண்ணிய எண்ண ஏலாது. முடிஞ்சுது.

*நேரமும் இருக்கு, சலாகையும் இருக்கு, அப்ப?*

கீழ 2010, 2015, 2020 எண்டு போட்டு ஒவ்வொரு வருசத்துக்கும் மூண்டு சலாகை நிக்கிற சார்ட் வரும். அது லைன் கிராஃப் போட்ட வேற உடுப்புத்தான். ஒவ்வொரு நிறத்தையும் மனசால ஒரு கோடா இழுத்துப் பாருங்க, கூடுதா குறையுதா எண்டு. இங்க ட்ரெண்ட் சொல்லும் போடலாம், ஒப்பீடும் போடலாம்.

இன்னொரு சின்னப் பிழையும் இதே அச்சிலதான் பிடிபடும். வருசம் போயிட்டுது எண்டா இறந்தகாலம், ரோஸ், ஃபெல். வருசமே போடல்ல எண்டா நிகழ்காலம். வராத வருசம் எண்டா "இஸ் ப்ரொஜெக்டட் டு ரைஸ்" மாதிரி. ஒரே பந்தியில ரோஸும் ரைசசும் கலந்து கிடந்தா திருத்துறவருக்கு எரிச்சல் வாறது இயல்பு.

அறிகுறி: எண் எல்லாம் சரி, கிராமரும் பரவாயில்ல, ஆனா வாசிச்சா கடைச் சிட்டை மாதிரி இருக்கு

எனக்கு வாற பேப்பர்ல ஆகக்கூடின வியாதி இதுதான். "ஏப்ரல்ல 120 உள்ளூர் ஆக்கள், 40 வெளிநாட்டு ஆக்கள். மே மாசம் 130, 60. ஜூன்ல 140, 100..." எண்டு செப்டெம்பர் வரைக்கும் பிள்ளை போகும். ஒரு எண்ணும் பிழை இல்ல, ஆனா இத எழுதுறதுக்கு மனிசன் தேவையில்ல. ஐ.ஈ.எல்.டி.எஸ். காரர் வெளியில போட்டிருக்கிற பேண்ட் விளக்கத்தில இதுக்கெண்டே வசனம் இருக்கு: விவரத்த இயந்திரம் மாதிரி ஒப்பிச்சு, தெளிவான ஓவர்வியூ இல்லாட்டி அது பேண்ட் 5ட குணம். 7க்கு தெளிவான ஓவர்வியூ வேணும். அதாவது உங்கட இங்கிலிஷ் எவ்வளவு நல்லா இருந்தாலும் டாஸ்க் அச்சீவ்மென்ட் எண்ட பகுதியில கீழ இழுத்திடும்.

*முதல் பாக்க வேண்டியது: எண்ணக் கையால மூடுங்க*

பக்கத்து அச்சில இருக்கிற எண்கள உள்ளங்கையால மறைச்சிட்டு, பக்கத்தில இருக்கிறவருக்கு கிராஃப வாயால சொல்லுங்க. தமிழ்லயே சொல்லுங்க. எண் இல்லாட்டி வேற வழியில்லாம வடிவத்தப் பத்தித்தான் பேசுவீங்க. எங்கட படகுக் கிராஃபுக்கு கிண்ணியாவில இருந்து வாற ஒரு தம்பி சொன்னது இது: "ரெண்டும் ஓகஸ்டுக்கு ஏறிப் பிறகு விழுது சேர், ஆனா வெளிநாட்டுக் கோடுதான் கடும் ஆட்டம் ஆடுது, கீழ கிடந்து நடுவில மற்றத முந்திட்டுத் திரும்பக் கீழ வருது." அதுதான் ஓவர்வியூ! இதுக்கு மேல ஒண்டும் தேவையில்ல. அத இங்கிலிஷ்ல போட்டா, "ஓவரோல், போத் க்ரூப்ஸ் பீக்ட் இன் ஓகஸ்ட்" எண்டு ஒரு வசனம், வெளிநாட்டு ஆக்கள்ட எண்ணிக்கை ரொம்பக் கூடுதலா மாறிச்சு, ஜூலையிலயும் ஓகஸ்டிலயும் மட்டும் உள்ளூர முந்திச்சு எண்டு அடுத்த வசனம். ரெண்டு வசனத்திலயும் ஒரு எண் கூட இல்ல பாத்தீங்களா.

இத எங்க போடுறது எண்டு கேப்பாங்க. முதல் வசனம் கேள்விய உங்கட சொல்லுல மாத்தி, அதுக்குக் கீழயே ஓவர்வியூ. கடைசில போட்டாலும் குற்றமில்ல, ஆனா கடைசில போட நினைக்கிற பிள்ளைகள்ட பேப்பர்ல நேரம் முடிஞ்சு அந்த இடம் வெறுமையாத்தான் கிடக்குது. முதல் வசனத்தில கேள்விய அப்படியே கொப்பி அடிச்சா அந்தச் சொல்லுகள் கணக்கில சேராது, அதையும் கவனிங்க.

*ஓவர்வியூ போட்டும் சிட்டை மாதிரித்தான் இருக்கா? எந்த எண்ண விடுறது எண்டு பாருங்க*

கிராஃப்ல 12 எண் இருக்கு. 12ஐயும் எழுதினா சிட்டை, ஒண்டும் எழுதாட்டிக் கதை. நான் சொல்றது, ஒவ்வொரு கோட்டிலயும் தொடங்கின இடம், உச்சம், முடிஞ்ச இடம், அதோட ரெண்டு கோடும் குறுக்க வெட்டுற இடம். மே மாசம் எங்கயாவது தேவைப்பட்டுதா? இல்ல. ஏப்ரலுக்கும் ஜூனுக்கும் நடுவில அது பாட்டுக்கு ஏறிக்கொண்டு போகுது, அத விடுங்க. விடப் பயப்படுறதுதான் இந்த வியாதிட வேர். "விட்டா மார்க்ஸ் வெட்டுவாங்க" எண்டு யாரோ சின்ன வகுப்பில சொல்லிருக்கிறாங்க, அது தலையில ஏறி உக்காந்திருக்கு. முக்கியமானதத் தெரிவு செய்யுறதையும் சேத்துத்தான் கேள்வியே கேக்குது.

பந்தி பிரிக்கிறதும் மாசம் மாசமா வேணாம். படகுக் கிராஃபுக்கு ஏப்ரல் முதல் ஓகஸ்ட் வரைக்கும் ஏறின பகுதி ஒரு பந்தி, செப்டெம்பர் விழுகை ஒரு பந்தி எண்டு பிரிச்சா ரெண்டாவது பந்தி ஒரு வசனத்தில செத்துப்போகும். அதவிட உள்ளூர் ஒரு பந்தி, வெளிநாடு ஒரு பந்தி நல்லம். எல்லாக் கிராஃபுக்கும் இதே பிரிப்பு சரிவரும் எண்டு இல்ல, நாலஞ்சு கோடு இருந்தா ஏறுறது எல்லாம் ஒரு பந்தி, இறங்குறது எல்லாம் ஒரு பந்தி.

*ஆளிட்ட காட்டுற இடம்*

கைய மூடித் தமிழ்ல சொல்ல வருது, இங்கிலிஷ்ல வரல்ல எண்டா அது கிராஃப் பிரச்சினை இல்ல, வசனம் கட்டுற பிரச்சினை, அதுக்கு கிராமர் சொல்லித்தாற ஒரு டீச்சரிட்டப் போங்க. தமிழ்லயே சொல்ல வரல்ல எண்டா காசு செலவழிக்காதீங்க, இன்னும் பத்துக் கிராஃப வாயால சொல்லுங்க, எழுதாம.

அறிகுறி: எண் சரி, சொல்லும் சரி, ஆனா வசனம் பொய் சொல்லுது

இதுதான் பிள்ளைகளுக்குக் கண்ணில படாத பிழை. "வெளிநாட்டு ஆக்கள் இன்க்ரீஸ்ட் பை 200" எண்டு எழுதுறது. எழுதின பிள்ளைக்கு எல்லாம் சரியாத் தெரியும், ஏனெண்டா 200 கிராஃப்ல இருக்கு, இன்க்ரீஸ்டும் நடந்திருக்கு. ஆனா இன்க்ரீஸ்ட் பை 200 எண்டா 40ஓட 200 கூட்டி 240 ஆகிட்டுது எண்டு கருத்து. நடந்தது இன்க்ரீஸ்ட் டு 200, இன்க்ரீஸ்ட் பை 160. ஒரு சின்னச் சொல்லு மாறி டேட்டாவே பிழைச்சிட்டு. கிராமர் மார்க்ஸ் மட்டுமில்ல, டாஸ்க் மார்க்ஸும் போகும்.

*முதல் பாக்க வேண்டியது: விரல வச்சுக் காட்ட ஏலுமா?*

நீங்க எழுதின எண்ண கிராஃப்ல விரல வச்சுத் தொட ஏலுமா எண்டு பாருங்க. 200ஐத் தொடலாம், ஓகஸ்டுக்கு மேல அந்தப் புள்ளி நிக்கிது. தொடக்கூடியது எண்டா அது ஒரு இடம், இடத்துக்கு டு அல்லது அட். 160ஐ வெளிநாட்டுக் கோட்டில எங்கயும் தொட ஏலாது, அது 40க்கும் 200க்கும் நடுவில இருக்கிற தூரம், கழிச்சுத்தான் வரும். தூரத்துக்கு பை அல்லது ஒஃப். (உள்ளூர்க் கோட்டில 160 இருக்கு எண்டு ஒரு கெட்டிக்காரன் காட்டுவான். அதே கோட்டில பாக்கச் சொல்லுங்க.)

*இன்னும் குழம்புதா? தமிழ்ல முழுசா எழுதிப் பாருங்க*

ஏன் இந்தப் பிழை எங்களுக்கு வருது எண்டு நான் கனகாலம் யோசிச்சன். எங்கட பேச்சில நாங்க "மீன் விலை அம்பது ரூபா கூடிட்டு" எண்டுதான் சொல்றம். அம்பதால கூடிச்சா, அம்பதுக்குக் கூடிச்சா எண்டு வாயில வாறதே இல்ல, கேக்கிற ஆளுக்கு விலை தெரியும், விளங்கிடும். அந்தப் பேச்ச அப்படியே இங்கிலிஷுக்குக் கொண்டுபோனா எந்தச் சொல்லப் போடுறது எண்டு காது சொல்லித்தராது. ஆனா பள்ளிக்கூடப் புத்தகத் தமிழ்ல இந்த வித்தியாசம் அழகா இருக்கு: "160 ஆல் அதிகரித்தது", "200 ஆக அதிகரித்தது". ஆல் வந்தா பை, ஆக வந்தா டு. அவ்வளவுதான் விசயம். இதச் சொல்லிக்குடுத்த பிறகு என்ட கிளாஸ்ல இந்தப் பிழை பாதிக்கு மேல குறைஞ்சுது (குறைஞ்சது எதால, எதுவாக எண்டு கேக்காதீங்க, நான் எண்ணல்ல).

பெயர்ச்சொல்லா எழுதினா ரெண்டு சொட்டுச் சொல்லு வேணும். "தேர் வாஸ் என் இன்க்ரீஸ் ஒஃப் 160 இன் த நம்பர் ஒஃப் ஃபொரின் விசிட்டர்ஸ்." ஒஃப்புக்குப் பிறகு தூரம், இன்னுக்குப் பிறகு எது கூடிச்சோ அது. பீக்ட் எண்டா அட், பீக்ட் அட் 200. ஸ்டுட் எண்டாலும் அட். ஃப்ரொம் வந்தா டு வரும், பிட்வீன் வந்தா ஆண்ட் வரும், ஃப்ரொம்முக்கு ஆண்ட் போட்டா ஒரு கால்ல செருப்பு மற்றக் கால்ல சப்பாத்து.

*சதவீதக் கிராஃபா? இன்னொரு பொறி இருக்கு*

20 சதவீதம் 30 சதவீதமா ஆகிட்டுது எண்டு வைங்க. "ரோஸ் பை 10 பெர்சன்ட்" எண்டு கண்ண மூடிக்கொண்டு எழுதுவாங்க. 20ட பத்துச் சதவீதம் 2தான், அப்ப 22 ஆகணும். சரியானது "பை 10 பெர்சன்டேஜ் பொயின்ட்ஸ்". சதவீதமாச் சொல்றதெண்டா அது 50 சதவீதக் கூடுதல், ஏனெண்டா 20ட பாதி 10. குழப்பமா இருந்தா இந்தச் சிக்கலுக்குள்ள போகவே வேணாம், "ஃப்ரொம் 20 பெர்சன்ட் டு 30 பெர்சன்ட்" எண்டு ரெண்டு முனையையும் எழுதிட்டு நகருங்க, அதில ஒருநாளும் பிழை வராது. பரீட்சையில பயமா இருக்கிற எல்லா இடத்திலயும் ஃப்ரொம், டு ரெண்டும்தான் பாதுகாப்பான வழி.

*எது கூடிச்சு எண்டும் ஒருக்காப் பாருங்க*

"வெளிநாட்டு ஆக்கள் இன்க்ரீஸ்ட்" எண்டாக் கூடப் பரவாயில்ல, "ஸ்ரீலங்கா இன்க்ரீஸ்ட்" எண்டு எழுதுவாங்க, நாடு எப்படிக் கூடும்? கூடினது எண்ணிக்கை, விலை, அளவு, வீதம். வசனத்திட தலையில த நம்பர் ஒஃப், த அமவுன்ட் ஒஃப், த ப்ரொபோர்சன் ஒஃப் இதில ஒண்டு இருக்கா எண்டு பாருங்க. "த பார் ரோஸ்" எண்டும் எழுதாதீங்க, சலாகை எழும்பி நிக்கல்ல.

அதோட ரெண்டு சொல்லு, ஒவ்வொரு கட்டுப் பேப்பர்லயும் வரும். ஃபெல் எண்டு எழுத நினைச்சு ஃபெல்ட் எண்டு எழுதுறது, ஃபெல்ட் எண்டா உணர்ந்தது, படகுக்காரர்ட கஸ்டமர் தொகை கவலைய உணர்ந்திச்சு எண்டு வரும். மற்றது ரோஸுக்கு ரெயிஸ்ட் போடுறது. ரெயிஸ்ட் எண்டா யாரோ ஒராள் உயர்த்தணும், கொடி மாதிரி. தானா ஏறினா ரோஸ்.

*ஆளிட்ட காட்டுற இடம்*

விரல் சோதனையும் ஆல், ஆக சோதனையும் போட்டு அஞ்சு பேப்பர் எழுதியும் அதே பிழை வந்தா, ஒருக்காக் காசு குடுத்து ஆரும் அனுபவமுள்ள ஆளிட்ட ஒரு பேப்பர வரிவரியாத் திருத்த விடுங்க. பேண்ட் மட்டும் எழுதித் தாறவரிட்டக் குடுக்காதீங்க, "6" எண்டு சிவப்பில எழுதி வந்தா உங்களுக்கு எங்க பிழை எண்டு விளங்கப்போறதில்ல.

அறிகுறி: ஒரே சொல்லு திரும்பத் திரும்ப வருது, அல்லது சொல்லு பெரிசா இருக்கு கிராஃப் சின்னதா இருக்கு

இது ரெண்டும் ஒரே நோயிட ரெண்டு பக்கம். முதல்ல பிள்ளை இன்க்ரீஸ்ட்டுக்கு மேல ஒண்டும் தெரியாம அஞ்சு தரம் அதையே எழுதும். பிறகு யாரோ ஒரு பேப்பர்ல 60 சொல்லு அடிச்சுக் குடுப்பாங்க, அடுத்த கிழமை எல்லாம் "ஸ்கைரொக்கெட்டட்", "ப்ளம்மெட்டட்". உள்ளூர்க் கோடு 120ல இருந்து 130க்குப் போனத ஸ்கைரொக்கெட்டட் எண்டு எழுதின பேப்பர் என்னட்ட இன்னும் கிடக்கு.

*முதல் பாக்க வேண்டியது: ஏத்தம் எவ்வளவு செங்குத்து?*

கோணேசர் கோயிலுக்குப் போற பாதைய நினைச்சுக்கொள்ளுங்க. கோட்டை வாசல்ல இருந்து மான் மேயுற இடம் வரைக்கும் கதைச்சுக்கொண்டே நடக்கலாம், கால் உணராது. பிறகு கோயிலக் கிட்டக் கிட்ட மூச்சு வாங்கும். முதல் பகுதி க்ரஜுவலி, ஸ்டெடிலி. கடைசிப் பகுதி ஷார்ப்லி. அங்க நிண்டு கடலப் பாத்தா நேர கீழ விழுகுற பாறை, அதுதான் ட்ரமாட்டிக்கலி, ஒவ்வொரு கிராஃப்லயும் அது இருக்காது. எங்கட கிராஃப்ல உள்ளூர்க் கோடு மாசம் பத்துப் பத்தா ஏறுது, ஸ்டெடிலி எண்டதுக்கு இதவிட நல்ல உதாரணம் இல்ல. வெளிநாடு ஜூனுக்கும் ஜூலைக்கும் நடுவில 100ல இருந்து 180, அது ஷார்ப்லி. செப்டெம்பர்ல 200ல இருந்து 90, பாதிக்கும் கீழ, அதுக்கு ட்ரமாட்டிக்கலி போட்டா நான் வெட்ட மாட்டன்.

ஆனா போடமுதல் பக்கத்து அச்சு எங்க தொடங்குது எண்டு பாருங்க. பூச்சியத்தில தொடங்காம 100ல தொடங்கின கிராஃப்ல 120 முதல் 160 வரைக்கும் போற கோடு மலை மாதிரித் தெரியும், எண்ணப் பாத்தா மூண்டில ஒரு பங்குதான் கூடிருக்கு. கண்ண நம்பாதீங்க, எண்ண நம்புங்க.

*பிறகு: சொல்லக் கூட்டாம வசன வடிவத்த மாத்துங்க*

60 சொல்லு தேவையில்ல. ஏறுறதுக்கு ரோஸ், இன்க்ரீஸ்ட், க்ரூ. இறங்குறதுக்கு ஃபெல், டிக்ளைன்ட், ட்ரொப்ட். அசையாம நிண்டா ரிமெய்ன்ட் ஸ்டேபிள், ஏறி வந்து ஓரிடத்தில நிண்டா லெவல்ட் ஒஃப், மேலயும் கீழயும் ஆடினா ஃப்ளக்சுவேட்டட். இந்த ஒம்பதையும் ஸ்பெல்லிங் பிழை இல்லாம எழுதினாக் காணும். மிச்சத்த வடிவத்தால செய்யலாம்: ரோஸ் ஷார்ப்லி எண்டது அடுத்த வசனத்தில எ ஷார்ப் ரைஸ் ஆகும். இங்க லி விழுந்திடும், அத விழுத்த மறந்து "எ ஷார்ப்லி ரைஸ்" எழுதுறது வழமையான பிழை. 40ல இருந்து 200 எண்டா அஞ்சு மடங்கு, அத அப்படியே சொல்லலாம். "ஓவர்டேக்கிங் லோகல் விசிட்டர்ஸ்" எண்டு வெட்டுற இடத்தையும் அதே வசனத்தில கொழுவலாம்.

வெளிநாட்டுப் பந்திய இப்படிக் கட்டலாம், முதல்ல தமிழ்ல பாருங்க. ஏப்ரல்ல வெறும் 40 பேர்ல தொடங்கி, ஜூன்ல 100க்கு வந்து, அடுத்த மாசமே 180க்குத் தாவி உள்ளூர் ஆக்கள முந்திச்சு. ஓகஸ்டில 200 எண்டு உச்சம், அது தொடக்கத்தவிட அஞ்சு மடங்கு, ஆனா செப்டெம்பர்ல 110ஆல விழுந்து 90 ஆகி, திரும்ப உள்ளூருக்குக் கீழ. ரெண்டு வசனம், ஆறு எண், மூண்டு விதமான ஏத்த இறக்கச் சொல்லு, அதில 110 மட்டும்தான் தொட ஏலாதது, அதுக்கு மட்டும்தான் ஆல். இத இங்கிலிஷுக்கு மாத்துறது உங்கட வீட்டு வேலை.

அறிகுறி: காரணம் எழுதினதுக்கு வெட்டிட்டாங்க

திருகோணமலைப் பிள்ளைக்கு செப்டெம்பர்ல ஏன் ஆக்கள் குறையுறாங்க எண்டு தெரியும், சீசன் முடியுற நேரம், ஒக்டோபருக்குப் பிறகு வாடைக்காத்து, மழை, கடல் கொந்தளிப்பு, நவம்பர் டிசம்பர்ல நிலாவெளிப் பக்கம் கடற்கரையே வெறிச்சோடும். தெரிஞ்சத எழுதணும் எண்டு கை துறுதுறுக்கும். எழுதாதீங்க. கிராஃப்ல மழை இல்ல. பேப்பர எடுத்து பிகோஸ், டியூ டு எண்டு வாற இடத்த எல்லாம் வட்டம் போடுங்க, அந்தக் காரணம் கிராஃப்ல அச்சடிச்சிருக்கா எண்டு பாருங்க, இல்லாட்டி முழு வசனத்தையும் வெட்டுங்க. "ஐ திங்க்"கும் அப்படித்தான். அபிப்பிராயம் சொல்றதுக்கு ரெண்டாவது டாஸ்க் இருக்கு.

அறிகுறி: நேரம் காணாது, அல்லது சொல்லு காணாது

சொல்லு காணாட்டி அனேகமா ஓவர்வியூ இல்ல, இல்லாட்டி ஒப்பீடு இல்ல. ரெண்டு கோட்டையும் தனித்தனியா எழுதிட்டு ஒண்டோடொண்டு சேத்துப் பாக்காம விட்டிருப்பீங்க, அந்த வசனம் ரெண்டப் போட்டா 150 தாண்டும்.

நேரம் காணாட்டி எங்க போகுது எண்டு ஒரு தரம் ஃபோன்ல அலாரம் வச்சுப் பாருங்க. பாக்கிறதுக்கு 3 நிமிசம், எழுதுறதுக்கு 14, திருத்துறதுக்கு 3 எண்டுதான் நான் பழக்கிறன். பிந்துற பிள்ளைகள் எல்லாரும் பாக்கிற மூண்டு நிமிசத்த மிச்சம் பிடிக்கப் போய் நடுவில பேனைய வச்சிட்டு கிராஃபத் திரும்பப் பாத்துக்கொண்டு இருக்கிறவங்க. அதுக்காக 20 நிமிசத்தத் தாண்டாதீங்க, ரெண்டாவது டாஸ்குக்கு இதவிட ரெண்டு மடங்கு மார்க்ஸ், அங்க இருந்து நேரத்தக் களவெடுத்து இங்க போட்டா நட்டம்தான்.

அலாரம் வச்சு எட்டுப் பேப்பர் எழுதியும் 20க்குள்ள வரல்ல எண்டா, வேகத்துக்கெண்டு கிளாஸ் தேடாதீங்க. அந்த எட்டையும் ஒரு கட்டாக் கட்டி ஒரு டீச்சரிட்டக் கொண்டுபோங்க, ஒண்டொண்டாக் குடுக்காதீங்க. ஒரு பேப்பர்ல தெரியாத பிழை எட்டச் சேத்து வாசிக்கத்தான் தெரியும். போன மாசம் மூதூர்ல இருந்து ஒரு தங்கச்சி கொண்டுவந்த கட்டில எட்டிலயும் முதல் பந்தி மட்டும் 70 சொல்லு, கேள்வியத்தான் மூண்டு விதமாத் திருப்பித் திருப்பி எழுதிருந்தா. அத ஒரு வசனமா வெட்டினம், 17 நிமிசத்தில முடிச்சா.